விற்ற விலையில் வாங்கிய விலையைக் கழித்தால் வருவது லாபம் அல்ல

ஒரு பங்கை விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்தால் கிடைப்பது விலை வித்தியாசம். அதையே லாபம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்தியப் பங்குச் சந்தையில் சிறு முதலீட்டாளர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. டெலிவரி வர்த்தகத்துக்குத் தரகே வாங்காத நிறுவனங்கள் வந்தபின் அந்த வழக்கத்துக்கு ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது. முன்பு லாபத்தைத் தின்றது தரகு, அது இப்போது இல்லை என்கிறார்கள். மிச்சமிருக்கும் கட்டணங்களெல்லாம் பைசாக் கணக்கு என்கிறார்கள். வருமான வரியோ கைக்கு வந்த லாபத்தில் ஒரு பகுதிதான், லாபம் வராவிட்டால் வரியும் வராது என்கிறார்கள்.

இந்த மூன்றில் முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, வர்த்தகத்தின் அளவையும் விலை நகர்வையும் பொறுத்து உண்மையாகலாம், பொய்யாகவும் ஆகலாம். மூன்றாவது முழுத் தவறு. கையில் நஷ்டம் விழுந்த ஒரு வர்த்தகத்துக்கு வருமான வரி கட்ட நேர்வது இன்றைய சட்டப்படி நடக்கக்கூடியதே. 100 பங்குகளை வாங்கி விற்கும் ஒரே ஒரு வர்த்தகத்தை எடுத்து, பைசா வரை கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

கட்டணம் எதன் மீது விழுகிறது

வித்தியாசத்தை லாபமாக எண்ணுபவர் மறப்பது ஒன்றைத்தான். கட்டணங்கள் லாபத்தின் மீது விதிக்கப்படுவதில்லை. வாங்கிய மொத்த மதிப்பின் மீதும் விற்ற மொத்த மதிப்பின் மீதும் விதிக்கப்படுகின்றன. 40,000 ரூபாய்க்கு வாங்கி 40,100 ரூபாய்க்கு விற்பவருக்கு வித்தியாசம் 100 ரூபாய். ஆனால் அவர் கட்டணம் செலுத்துவது 80,100 ரூபாய்க்கு. விலை நகர்வு சிறியதாக இருக்கும்போது, சதவீதத்தில் அற்பமாகத் தெரியும் கட்டணம் லாபத்தில் பெரும் பங்காகிவிடுவது இதனால்தான்.

தேசிய பங்குச் சந்தையில் டெலிவரி வர்த்தகத்துக்கு 2024 அக்டோபர் 1 அன்று நடப்பில் இருந்த விகிதங்கள் இவை. பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்டிடி, வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது மறுபடியும் 0.1 சதவீதம். முத்திரை வரி வாங்குபவருக்கு மட்டும் 0.015 சதவீதம். 2020 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் இது ஒரே விகிதம். சந்தையின் பரிவர்த்தனைக் கட்டணம் இரு பக்கமும் லட்சத்துக்கு 2 ரூபாய் 97 பைசா. செபி கட்டணம் கோடிக்கு 10 ரூபாய். தரகு, பரிவர்த்தனைக் கட்டணம், செபி கட்டணம் ஆகியவற்றின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி. எஸ்டிடி மீதும் முத்திரை வரி மீதும் ஜிஎஸ்டி கிடையாது.

இவற்றோடு இன்னொன்று சேர்கிறது. விற்கும் நாளில் டீமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியேறும்போது டெபாசிட்டரியும் தரகு நிறுவனமும் சேர்ந்து எடுக்கும் கட்டணம் அது. சுருக்கமாக டிபி கட்டணம் என்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறும். இந்தக் கணக்கில் அது 13 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 15 ரூபாய் 34 பைசா என்று வைத்துக்கொள்ளப்படுகிறது. ஒரு நாளில் ஒரு நிறுவனப் பங்கை எத்தனை விற்றாலும் இது மாறாது. ஒரு பங்கு விற்றாலும் அதே தொகை, ஆயிரம் விற்றாலும் அதே தொகை.

பத்து ரூபாய் ஏறிய பங்கு

ஒருவர் 400 ரூபாய் விலையில் 100 பங்குகள் வாங்கி, சில மாதங்களில் 410 ரூபாய்க்கு விற்கிறார். டெலிவரிக்குத் தரகு வாங்காத நிறுவனத்தில் கணக்கு வைத்திருக்கிறார். வித்தியாசம் 1,000 ரூபாய். கட்டணம் இப்படி அமைகிறது:

| இனம் | வாங்கும்போது (ரூ. 40,000) | விற்கும்போது (ரூ. 41,000) |
|---|---|---|
| தரகு | 0 | 0 |
| எஸ்டிடி | 40.00 | 41.00 |
| முத்திரை வரி | 6.00 | இல்லை |
| பரிவர்த்தனைக் கட்டணம் | 1.19 | 1.22 |
| செபி கட்டணம் | 0.04 | 0.04 |
| ஜிஎஸ்டி | 0.22 | 0.23 |
| டிபி கட்டணம், ஜிஎஸ்டியுடன் | இல்லை | 15.34 |
| மொத்தம் | 47.45 | 57.83 |

இரண்டும் சேர்ந்து 105 ரூபாய் 28 பைசா. தரகு பூஜ்யம் என்ற பிறகும் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. மீதி 894 ரூபாய் 72 பைசா.

பட்டியலில் கவனிக்க வேண்டியது எஸ்டிடி. போன 105 ரூபாயில் 81 ரூபாய் அதுதான். சந்தையும் செபியும் எடுத்தது மூன்று ரூபாய்கூட இல்லை. ஆகவே “தரகு இல்லை, எனவே செலவு இல்லை” என்ற வாதம் தவறான இடத்தில் கை வைக்கிறது. தரகைத் தவிர்ப்பது முதலீட்டாளர் கையில் இருக்கிறது. எஸ்டிடியைத் தவிர்க்க அவருக்கு வழியே இல்லை. எந்த நிறுவனத்துக்குப் போனாலும், எந்தச் செயலியில் வாங்கினாலும் அது ஒன்றுதான்.

தரகு இல்லாதது பெரிய மிச்சம் என்பதையும் மறுப்பதற்கில்லை. அதே வர்த்தகத்தை இரு பக்கமும் அரை சதவீதம் தரகு வாங்கும் நிறுவனத்தில் செய்திருந்தால் வாங்கும்போது 200 ரூபாய், விற்கும்போது 205 ரூபாய், அதன் மீது ஜிஎஸ்டி 72 ரூபாய் 90 பைசா என்று கூடுதலாக 477 ரூபாய் 90 பைசா போயிருக்கும். மொத்தக் கட்டணம் 583 ரூபாயைத் தாண்டியிருக்கும். 1,000 ரூபாய் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் அதிலேயே கரைந்திருக்கும். பூஜ்யத் தரகு இந்தச் சுமையைக் குறைக்கிறது. ஆனால் குறைவான செலவையும் செலவே இல்லாததையும் ஒன்றாக எண்ணுவதுதான் பிழை.

வரி கைக்கு வந்த லாபத்தின் மீது அல்ல

அடுத்தது வருமான வரி. கட்டணங்கள் போக மீதி 894 ரூபாய் 72 பைசா என்றால், வரியும் அதன் மீதுதான் என்று யாரும் நினைப்பார்கள். சட்டம் அப்படிக் கணக்கிடுவதில்லை. மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது தரகு, முத்திரை வரி, பரிவர்த்தனைக் கட்டணம் போன்றவற்றை வாங்கிய செலவிலோ விற்ற செலவிலோ சேர்த்துக் கழிக்கலாம். எஸ்டிடியை மட்டும் கழிக்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது. டிபி கட்டணத்தைக் கழிக்கலாமா என்பதை அவரவர் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் கணக்கில் அது கழிக்கப்படவில்லை.

எனவே 1,000 ரூபாயில் கழிக்க முடிவது, வாங்கும்போது 7 ரூபாய் 45 பைசா, விற்கும்போது 1 ரூபாய் 49 பைசா, ஆக 8 ரூபாய் 94 பைசா மட்டும். வரிக்குரிய ஆதாயம் 991 ரூபாய் 6 பைசா. பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கவில்லை என்பதால் இது குறுகிய கால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 20 சதவீதம். முன்பு 15 ஆக இருந்தது. வரியின் மீது 4 சதவீத செஸ் உண்டு. இரண்டும் சேர்ந்து 20.8 சதவீதம், அதாவது 206 ரூபாய் 14 பைசா. கையில் நிற்பது 688 ரூபாய் 58 பைசா.

செயலியில் பச்சை நிறத்தில் தெரிந்த 1,000 ரூபாய் வங்கிக் கணக்கை எட்டும்போது 689 ரூபாய் ஆகிறது. அரை சதவீதத் தரகு நிறுவனத்தில் இதே வர்த்தகம் வரிக்குப் பின் தருவது 310 ரூபாய் மட்டும்.

எஸ்டிடி கட்டியாயிற்று, இனி அதே பங்குக்கு எதற்கு ஆதாய வரி என்று கேட்போர் இன்னும் உண்டு. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2004 அக்டோபர் 1 அன்று எஸ்டிடி நடப்புக்கு வந்தபோது, அதைக் கட்டி விற்ற பங்கின் நீண்ட கால ஆதாயத்துக்கு வரி விலக்கு கிடைத்தது. குறுகிய கால ஆதாயத்துக்கு 10 சதவீதம் என்ற சலுகை விகிதமும் கிடைத்தது. ஒன்றுக்கு ஒன்று ஈடு என்ற ஏற்பாடு அது. குறுகிய கால விகிதம் பின்னர் 15 ஆகி, 20 ஆகிவிட்டது. நீண்ட கால விலக்கு 2018 ஏப்ரல் 1 முதல் போய்விட்டது. எஸ்டிடி மட்டும் போகவில்லை. ஆதாய வரிக்கு மாற்றாக வந்தது, இன்று ஆதாய வரியோடு சேர்ந்தே வசூலாகிறது. கணக்கில் கழிக்கவும் முடியாது. “எஸ்டிடிதான் வரி” என்ற எண்ணம் 2004-ல் பாதி சரியாக இருந்திருக்கலாம். இன்று அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

நஷ்டத்துக்கும் வரி

இப்போது அதே 100 பங்குகளை 401 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். வித்தியாசம் 100 ரூபாய். தரகு பூஜ்யம். வாங்கும்போதான கட்டணம் முன்போலவே 47 ரூபாய் 45 பைசா. விற்கும்போது எஸ்டிடி முழு ரூபாயாக்கினால் 40 ரூபாய், சந்தை, செபி, ஜிஎஸ்டி சேர்ந்து 1 ரூபாய் 45 பைசா, டிபி கட்டணம் 15 ரூபாய் 34 பைசா, ஆக 56 ரூபாய் 79 பைசா. மொத்தம் 104 ரூபாய் 24 பைசா. 100 ரூபாய் சம்பாதிக்க 104 ரூபாய் செலவு. கையில் 4 ரூபாய் 24 பைசா நஷ்டம்.

வருமான வரித் துறையின் கண்ணில் இது நஷ்டம் அல்ல. எஸ்டிடியையும் டிபி கட்டணத்தையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால் ஆதாயம் 91 ரூபாய் 10 பைசா. அதற்கு வரியும் செஸ்ஸும் 18 ரூபாய் 95 பைசா. நஷ்டம் 23 ரூபாய் 19 பைசாவாக வளர்கிறது. டிபி கட்டணத்தைக் கழிக்க அனுமதி கிடைத்தாலும் ஆதாயம் 75 ரூபாய்க்கு மேல் நிற்கும், வரியும் நிற்கும். லாபம் வந்தால்தான் வரி என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது. சட்டம் காணும் ஆதாயமும் கையில் நிற்கும் பணமும் இரண்டு வெவ்வேறு எண்கள். இரண்டுக்கும் இடையில் எஸ்டிடி நிற்கிறது.

இந்த வர்த்தகத்தில் வரிக்குப் பின் போட்டது போட்டபடி திரும்ப, பங்கு 401 ரூபாய் 30 பைசாவுக்காவது விற்க வேண்டும். அரை சதவீதத் தரகு கட்டுபவருக்கு அது சுமார் 406 ரூபாய் 10 பைசா. வாங்கிய விலையே சமநிலை விலை என்று நினைத்து, “வாங்கிய விலைக்கு வந்தால் வெளியேறிவிடுகிறேன்” என்று காத்திருப்பவர் தெரியாமலே ஒரு நஷ்டத்துக்கு ஆர்டர் போட்டு வைக்கிறார்.

சிறு துளி பெருவெள்ளம் ஆகாத இடம்

வித்தியாசத்தை லாபமாக எண்ணுவதிலிருந்து பிறக்கும் ஆலோசனை ஒன்று பங்குச் சந்தைப் பேச்சுகளில் அடிக்கடி கேட்கும். பெரிய லாபத்துக்குக் காத்திருக்காதே, சின்னச் சின்னதாக எடுத்துக்கொண்டே இரு, பத்து தடவை 100 ரூபாய் எடுத்தால் அதுவும் 1,000 ரூபாய்தானே என்பது அது. கூட்டல் கணக்காகப் பார்த்தால் தவறில்லை. கட்டணக் கணக்காகப் பார்த்தால் இது தலைகீழ்.

400-க்கு வாங்கி 401-க்கு விற்பதைத் தனித்தனி டெலிவரி வர்த்தகங்களாகப் பத்து முறை செய்தால் வித்தியாசம் 1,000 ரூபாய். கட்டணம் 1,042 ரூபாய் 40 பைசா. வரிக்குரிய ஆதாயம் 911 ரூபாய், அதற்கு வரி ஏறக்குறைய 189 ரூபாய் 50 பைசா. பத்தும் வெற்றி. ஒன்றில்கூட விலை இறங்கவில்லை. இருந்தும் முடிவில் கையை விட்டுப் போனது 232 ரூபாய். ஒரே வர்த்தகத்தில் 400-லிருந்து 410 வரை பொறுத்திருந்தவர் அதே 1,000 ரூபாய் வித்தியாசத்தில் 689 ரூபாய் எடுத்துக்கொண்டு போனார். இருவருடைய செயலியும் காட்டும் வித்தியாசம் ஒன்றே.

பத்து முறையும் வெல்பவர் யாரும் இல்லை என்பதால், தோல்வியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வர்த்தகத்தில் பங்கு 410-க்கு ஏறி விற்கப்படுகிறது, இன்னொன்றில் 390-க்கு இறங்கி விற்கப்படுகிறது. ஏறியதும் இறங்கியதும் சமம், எனவே சரிக்குச் சரி என்பது வழக்கமான கணக்கு. இரண்டாவது வர்த்தகத்தின் கட்டணம் 103 ரூபாய் 20 பைசா. அதனால் 1,000 ரூபாய் நஷ்டம் 1,103 ரூபாய் 20 பைசாவாகிறது. முதல் வர்த்தகத்தின் 1,000 ரூபாய் வரிக்கு முன் 894 ரூபாய் 72 பைசாவாகிறது. இரண்டையும் சேர்த்தால் 208 ரூபாய் 48 பைசா நஷ்டம். ஒரே ஆண்டில் இரண்டும் நடந்தால் வரி இல்லை, ஏனெனில் குறுகிய கால நஷ்டத்தை ஆதாயத்தில் ஈடு செய்யலாம். மிஞ்சும் நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம், வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால். ஆனால் இங்கே எடுத்துச் செல்லக் கிடைப்பது 208 ரூபாய் அல்ல. எஸ்டிடியும் டிபி கட்டணமும் நீங்கிய 17 ரூபாய் 80 பைசா மட்டுமே. ஆதாயத்தைக் கூட்டிக் காட்டிய அதே விதி நஷ்டத்தைக் குறைத்துக் காட்டுகிறது.

இன்ட்ராடே விதிவிலக்கு அல்ல

இதற்கு இன்ட்ராடே வர்த்தகர் தரும் பதில், எங்களுக்கு இந்தச் சுமை கிடையாது என்பது. விகிதங்களைப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஒரே நாளில் வாங்கி விற்றால் எஸ்டிடி விற்கும் பக்கம் மட்டும் 0.025 சதவீதம், முத்திரை வரி 0.003 சதவீதம், டிபி கட்டணமே இல்லை. ஆனால் பூஜ்யத் தரகு என்ற சலுகையும் பெரும்பாலும் டெலிவரியோடு நின்றுவிடும். ஆர்டருக்கு 0.03 சதவீதம் அல்லது 20 ரூபாய், இதில் எது குறைவோ அது என்பது தள்ளுபடித் தரகு நிறுவனங்களில் வழக்கமாகக் காணப்படும் விகிதம். அதன்படி 100 பங்குகளை 400-க்கு வாங்கி 401-க்கு அன்றே விற்றால் தரகு 24 ரூபாய், எஸ்டிடி 10 ரூபாய், மற்றவை சேர்ந்து மொத்தம் ஏறக்குறைய 42 ரூபாய் 50 பைசா. 100 ரூபாயில் 57 ரூபாய் 50 பைசா மிஞ்சும்.

டெலிவரியை விட இது மேல்தான். ஆயினும் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. இதைச் செய்பவர் மாதம் ஒரு வர்த்தகத்தோடு நிற்பவரும் அல்ல. 2022-23 நிதியாண்டின் இன்ட்ராடே வர்த்தகங்களை ஆராய்ந்து 2024 ஜூலையில் செபி வெளியிட்ட ஆய்வு, பத்தில் ஏழு தனிநபர்கள் நஷ்டம் அடைந்ததைக் காட்டியது. நஷ்டம் அடைந்தோர், வர்த்தகத்தில் இழந்த தொகைக்கு மேல் அதில் 57 சதவீத அளவுக்குச் செலவுகளாகவும் கட்டியிருந்தார்கள். லாபம் பார்த்தவர்களுக்குக்கூடச் செலவு, லாபத்தில் 19 சதவீதமாக இருந்தது. பைசாக் கணக்கு என்று சொல்லப்படுவதன் உண்மையான அளவு இது.

வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. இன்ட்ராடே ஆதாயம் மூலதன ஆதாயம் அல்ல, ஊக வணிக வருமானம். எஸ்டிடியை அதில் செலவாகக் கழிக்கலாம். ஆனால் 20 சதவீத விகிதம் பொருந்தாது, அவரவர் வருமானப் படிநிலைக்கு உரிய வரி விழும். நஷ்டத்தை ஊக வணிக லாபத்தில் மட்டுமே ஈடு செய்யலாம், நான்கு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துச் செல்லவும் முடியாது.

செயலி காட்டும் எண்

“இதையெல்லாம் செயலியே கழித்துத்தானே காட்டுகிறது” என்பது கடைசியாக வரும் வாதம். பெரும்பாலான செயலிகளில் பங்கின் எதிரே தெரியும் லாப நஷ்டம், சராசரி வாங்கிய விலைக்கும் நடப்பு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான். வாங்கும்போது கட்டிய 47 ரூபாய் அதில் இல்லை. விற்கும்போது கட்டப்போகும் 58 ரூபாயும் இல்லை. வரி எந்தத் திரையிலும் இல்லை.

உண்மையான எண் இரண்டு தாள்களில் இருக்கிறது. ஒன்று, வர்த்தகம் நடந்த நாளுக்கு வரும் கான்ட்ராக்ட் நோட். தரகு, எஸ்டிடி, முத்திரை வரி, பரிவர்த்தனைக் கட்டணம், செபி கட்டணம், ஜிஎஸ்டி ஆகியவை அதில் தனித்தனியாக இருக்கும். ஆனால் அன்றைய எல்லா வர்த்தகங்களுக்கும் சேர்த்து மொத்தமாக இருக்கும். ஒரே நாளில் மூன்று பங்குகளை வாங்கியவர் அவற்றை மதிப்பின் விகிதத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, தரகு நிறுவனக் கணக்கின் லெட்ஜர். டிபி கட்டணம் கான்ட்ராக்ட் நோட்டில் வராது, லெட்ஜரில்தான் பற்றாக விழும். கான்ட்ராக்ட் நோட்டை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதுபவருக்குக் கணக்கும் வங்கி இருப்பும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு விற்பனைக்கும் 15 ரூபாய் போல இடித்தால் காரணம் அதுதான்.

அந்த 15 ரூபாய் சிறு வர்த்தகங்களில் பெரிய தொகை. 400 ரூபாய்ப் பங்கில் ஐந்தே பங்கு வாங்கி 410-க்கு விற்றால் வித்தியாசம் 50 ரூபாய். சதவீதக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து நாலரை ரூபாய்கூட வராது. டிபி கட்டணம் மட்டும் 15 ரூபாய் 34 பைசா. 50 ரூபாயில் 20 ரூபாய் அங்கேயே போகிறது. பத்துப் பங்கை இன்று ஐந்து, நாளை ஐந்து என்று விற்றால் அந்தக் கட்டணம் இரண்டு முறை விழும். ஒரே நாளில் நான்கு தவணையாக விற்றாலும் ஒரு முறைதான் விழும்.

பரிவர்த்தனைக் கட்டணத்திலும் ஒரு காலத்தில் மறைவு இருந்தது. வர்த்தக அளவு கூடக் கூடச் சந்தைகள் தரகு நிறுவனங்களிடம் குறைந்த விகிதத்தில் வசூலித்தன. வாடிக்கையாளரிடம் கூடுதல் விகிதத்தில் வாங்கி, இடைப்பட்ட தொகையை நிறுவனங்கள் வைத்துக்கொள்ள இடம் இருந்தது. பூஜ்யத் தரகு நிறுவனங்களுக்கும் அது ஒரு வருமானம். 2024 ஜூலை 1 அன்று செபி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரிடம் வாங்குவதும் சந்தைக்குக் கட்டுவதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றது. அக்டோபர் 1 முதல் எல்லோருக்கும் ஒரே விகிதம் வந்தது அதன் விளைவுதான். தரகு வாங்காத நிறுவனம் இலவசமாகச் சேவை செய்கிறது என்ற எண்ணம் அதற்கு முன்பும் சரியாக இருந்ததில்லை.

எதிர்வாதம் நிற்கும் இடம்

வித்தியாசமே லாபம் என்ற கணக்கு ஏறக்குறைய சரியாக வரும் இடமும் உண்டு, அதை மறைப்பது நேர்மை ஆகாது. அதே 100 பங்குகளை 400-க்கு வாங்கி, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து 600-க்கு விற்றால் வித்தியாசம் 20,000 ரூபாய். கட்டணம் 125 ரூபாய் அளவில் நிற்கும், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நீண்ட கால ஆதாயம் என்பதால், அந்த நிதியாண்டில் பங்குகளிலும் பங்குப் பரஸ்பர நிதிகளிலும் கிடைத்த இத்தகைய ஆதாயம் மொத்தம் ஒன்றேகால் லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் வரியும் இல்லை. தாண்டினால் மிகுதிக்கு மட்டும் 12.5 சதவீதமும் செஸ்ஸும். நீண்ட கால முதலீட்டாளர் ஒருவர் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பதில் அதனால் பெரிய தவறு இல்லை. அவருடைய அனுபவத்தைக் காட்டி, வாரம் மூன்று முறை வாங்கி விற்பவருக்கும் அதுவே விதி என்று சொல்வதுதான் தவறு.

வரித் தொகையும் எல்லோருக்கும் ஒன்றல்ல. மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பை எட்டாத இந்தியவாசி, மிஞ்சிய வரம்பைக் குறுகிய கால ஆதாயத்தில் ஈடு செய்துகொள்ளலாம். பங்கு வர்த்தகத்தையே தொழிலாகக் காட்டுபவர் எஸ்டிடியைச் செலவாகக் கழித்து, படிநிலை விகிதத்தில் வரி கட்டுவார். ஆகவே ஒரு வர்த்தகத்தின் இறுதி வரி, ஆண்டு முடிந்து மற்றவற்றோடு சேர்த்துப் பார்த்த பிறகே உறுதியாகும். ஆனால் கட்டணம் அன்றைக்கே உறுதியாகிவிடும். எந்த வருமான வரம்பும் அதைத் திருப்பித் தராது.

ஒரு வர்த்தகத்தின் லாபத்தைச் சொல்ல வேண்டிய முறை ஒன்றுதான். விற்றபோது கணக்கில் வரவான நிகரத் தொகையிலிருந்து, வாங்கியபோது கணக்கிலிருந்து போன நிகரத் தொகையைக் கழிக்க வேண்டும். டிபி கட்டணத்தைக் கழிக்க வேண்டும். எஸ்டிடியைச் சேர்க்காமல் தனியாகக் கணக்கிட்ட ஆதாயத்துக்கு உரிய வரியையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவது லாபம். பூஜ்யத் தரகில் செய்யும் குறுகிய கால டெலிவரி வர்த்தகம் ஒன்றில், 40,000 ரூபாய் அளவில், விலை மூன்றில் ஒரு சதவீதம்கூட ஏறாமல் விற்றால் அப்படி மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதற்குக் குறைந்த நகர்வில் விற்பவர் லாபம் பார்த்ததாகச் சொன்னால், அந்த லாபம் அரசுக்குப் போயிருக்கிறது, அவருக்கு வரவில்லை.